சான்றிதழும் சரிபார்ப்பும்



கழகத்தின் வெள்ளிவிழா நாளில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள், பயிற்சி முடித்தவர்க்கு நாம் வழங்கும் சான்றிதழைப் பற்றியது. ஒருவரும் திருத்த முடியாதபடி, எவரும் எங்கிருந்தும் சரிபார்க்கத் தக்கபடி அதனை வழங்குவது எவ்வாறு என்பதே கேள்வி.

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தையலோ, மின்பணியோ, கணினியோ பயின்ற நம் பிள்ளைகள் அவ்வளைவுகளைக் கடந்து திருப்பூருக்கும் கோவைக்கும் ஓசூருக்கும் செல்கின்றனர். அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் நம் ஊரை அறியார். நம் பயிற்சி நிலையத்தையும் அறியார். அவர் காண்பது ஒரு தாளை மட்டுமே. அதன்மீது அவருக்கு ஐயம் எழுந்தால், அதனைத் தீர்க்க நமக்குக் கடிதம் எழுதி மறுமொழி வரும்வரை காத்திருப்பதில்லை. வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலையைக் கொடுத்துவிடுகிறார். அந்த ஐயமும் எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பாட்டனும் தந்தையும் காப்பித் தோட்டத்தில் கூலிக்கு உழைத்த வீட்டின் பிள்ளை நல்ல மதிப்பெண்ணோடு வந்து நின்றால், அந்த மதிப்பெண்ணே சிலருக்கு ஐயத்தைத் தருகிறது. ஆகவே, அரை நிமிடத்தில் ஐயம் தீர்க்கும் வழி நம் பிள்ளைகளுக்கு மற்றவரைக் காட்டிலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சான்றிதழின் மூலையில் ஒரு க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. க்யூஆர் குறியீடு என்பது 1994ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தார், மோட்டார் உறுப்புகளை விரைந்து அடையாளங் காண்பதற்காக உருவாக்கிய ஓர் எழுத்து முறை. எழுத்துகளைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற்றி எழுதுவதே அதன் வேலை. உண்மையை எழுதினாலும் பொய்யை எழுதினாலும் அது ஒன்று போலவே தோன்றும். யாரும் எதனையும் எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு நம் அனைவரின் பையிலும் இருக்கும் ஆதார் அட்டையே சான்று. தொடக்கத்தில் வழங்கப்பட்ட அட்டைகளின் க்யூஆர் குறியீட்டில் பெயர், முகவரி, எண் ஆகியவை வெறும் எழுத்துகளாக இருந்தன. அதே வடிவில் பொய்ப் பெயரை எழுதி வேறொரு குறியீட்டை ஆக்குவது எவருக்கும் எளிது. 2018இல் அதனை மாற்றினர். புதிய குறியீட்டில் விவரங்களோடு புகைப்படமும், அவற்றின்மேல் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பமும் உள்ளன. ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. முழு ஆதார் எண்ணும் அதில் இல்லை. கடைசி நான்கு இலக்கங்களே உள்ளன. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. குறியீடு தானே சான்றாகாது. அதன் பின்னால் ஒரு சான்று நிற்க வேண்டும். அடுத்து, சரிபார்ப்பதற்குத் தேவையானதைத் தவிர வேறொன்றையும் வெளியே விடலாகாது.

நம்மைப் போன்ற சிறிய நிலையத்திற்கு அந்தச் சான்று எது? கையொப்பத்தைக் குறியீட்டுக்குள்ளேயே அடக்கும் ஆதார் முறையில் இணையமின்றியும் சரிபார்க்கலாம். அது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அதனைப் படிக்கத் தனிச் செயலி வேண்டும். நம் ஒருவருக்காக திருப்பூர் மேலாளர் ஒரு செயலியை நிறுவிக்கொள்ள மாட்டார். மலையில் பல இடங்களில் கைபேசிக்கு அலை கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் சான்றிதழைச் சரிபார்ப்பது மலையில் அன்று, வேலை தரும் ஊரில். ஆதலால் நமக்குப் பொருந்துவது, குறியீட்டில் நம் இணைய முகவரியை எழுதி, அந்த முகவரியில் நம் பதிவேட்டின் ஒரு வரியைக் காட்டும் பொதுச் சரிபார்ப்புப் பக்கம். அங்கே சான்றாக நிற்பது நம் பதிவேடே.

எனவே பணி கணினியில் தொடங்குவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குகிறது. பதிவேட்டில் பிழை இருந்தால், அப்பிழையைத்தான் நாம் திருத்த முடியாதபடி உலகுக்கு அறிவிப்போம். நம்மிடையே பெரும்பாலும் நேரும் பிழை பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் தந்தையின் முழுப்பெயர் பின்னால் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றிடத்தில் மூன்று விதமாக இருக்கும். வேலைக்குச் செல்லும்போது பெயர் ஒத்துவரவில்லை என்பதே முதல் தடையாகிறது. ஆகவே சேர்க்கை நாளிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதி, மாணவரிடம் படித்துக் காட்டி ஒப்பம் பெற வேண்டும். பயிற்சி முடிந்ததும் வருகைப் பதிவையும் தேர்வு முடிவையும் பார்த்து ஒருவர் வரியை எழுத, வேறொருவர் ஒப்புநோக்கி ஏற்க வேண்டும். எழுதுபவரும் ஏற்பவரும் ஒருவராக இருத்தல் கூடாது. வெளியாரின் போலியைக் காட்டிலும் உள்ளிருந்து பிறக்கும் போலியே கண்டுபிடிக்க அரிது.

அடுத்தது எண். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, 2025/017 என்பதைப் போன்ற வரிசை எண். அது நம் பதிவேட்டிற்கு. மற்றொன்று சரிபார்ப்புக் குறி, அது வெளியாருக்கு. வரிசை எண்ணைக் கொண்டே பக்கம் திறக்குமாயின், 018, 019, 020 என்று எண்ணிக்கொண்டே போய் நம் மாணவர் அனைவரின் பெயரையும் ஒரு மணி நேரத்தில் எவனும் திரட்டிவிடுவான். சரிபார்ப்புக் குறி ஊகிக்க முடியாததாக இருத்தல் வேண்டும். 0, 1 ஆகிய இலக்கங்களையும், அவற்றோடு மயங்கும் ஆங்கில ஓ, ஐ எழுத்துகளையும் நீக்கினால் 32 உருக்கள் எஞ்சும். அவற்றிலிருந்து பன்னிரண்டைக் கணினி குலுக்கி எடுக்க வேண்டும். அவ்வாறு அமையக்கூடிய குறிகள் 11,000 கோடி கோடிக்கும் மேல். இதற்கான பைத்தான் நிரல் மூன்றே வரிகள்:

```python
import secrets
A = "23456789ABCDEFGHJKLMNPQRSTUVWXYZ"
print("".join(secrets.choice(A) for _ in range(12)))
```

இவ்வாறு கிடைத்த குறியை நம் முகவரியோடு சேர்த்தால், மாதிரிக்கு, இப்படி அமையும்:

```
https://example.org/v/7KQ2M9XTR4HB
```

இந்த வரியே க்யூஆர் குறியீடாக அச்சேறும். முப்பத்து நான்கு எழுத்துகள் கொண்ட இவ்வரி, கால் பங்கு அழிந்தாலும் படிக்கத்தக்க ‘Q’ என்னும் திருத்த நிலையில், பக்கத்திற்கு 33 கட்டங்கள் கொண்ட சதுரமாக அமையும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் ஒரு கட்டம் முக்கால் மில்லிமீட்டர் இருக்கும்; எளிய கைபேசியும் படிக்கும். சதுரத்தைச் சுற்றி நான்கு கட்ட அளவேனும் வெள்ளை இடம் விடவேண்டும். தாளை மடிக்கும் கோட்டில் அதனை வைத்தலாகாது. அதன் கீழே முகவரியையும் குறியையும் எழுத்திலும் அச்சிட வேண்டும். ஜெராக்ஸ் பிரதியின் பிரதியில் குறியீடு மங்கிப்போனாலும், எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

குறியீட்டை ஆக்கித்தரும் இலவச இணையதளங்களிடம் இங்கே எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சில, நம் முகவரியை எழுதாமல் தங்கள் முகவரியை எழுதி, அங்கிருந்து நம் பக்கத்திற்குத் திருப்பிவிடுகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் அக்குறியீடு செத்துப்போகும். வழங்கிய தாள்கள் யாவும் வீணாகும். வழங்குவதற்கு முன் கைபேசியால் படித்து, திரையில் முதலில் தோன்றும் முகவரி நம்முடையதுதானா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். இன்னும் சிலர், சான்றிதழின் படத்தைக் கூகுள் டிரைவில் இட்டு அதன் இணைப்பைக் குறியீடாக்குகின்றனர். டிரைவில் இடம் எவருக்கும் கிடைக்கும். போலியைச் செய்தவனுக்கும் கிடைக்கும். அது சரிபார்ப்பு ஆகாது.

இனிச் சரிபார்ப்புப் பக்கத்தைப் பார்ப்போம். நாகலூரைச் சேர்ந்த மலர்விழி என்று ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆறு மாதத் தையற்பயிற்சியை முடித்து, இரண்டாம் நிலையில் தேறியவர். திருப்பூரில் மேலாளர் குறியீட்டைப் படிக்கிறார். பக்கத்தில் மாணவியின் பெயர், பயிற்சியின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்தப் பயிற்சி நேரம், தேர்ச்சி நிலை, சான்றிதழ் வழங்கிய நாள், அது செல்லும் என்னும் குறிப்பு ஆகிய எட்டும் தோன்றுகின்றன. அவர் கையிலுள்ள தாளோடு அவற்றை ஒப்பிடுகிறார். ஒப்பிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். பச்சை நிறத்தில் ‘செல்லும்’ என்று மட்டும் காட்டும் பக்கம் பயனற்றது. வேறொருவரின் உண்மைக் குறியைத் தம் தாளில் ஒட்டிக்கொண்டவருக்கும் அது ‘செல்லும்’ என்றே சொல்லும்.

ஏமாற்ற முனைபவர் என்ன செய்யக்கூடும்? இரண்டாம் நிலையை முதல் நிலையாகத் திருத்தினால், பக்கம் இரண்டாம் நிலை என்றே காட்டும். இல்லாத குறி ஒன்றைப் புனைந்தால், ‘இக்குறியில் சான்றிதழ் எதுவும் வழங்கப்படவில்லை’ என்று பக்கம் தெளிவாகச் சொல்லும். உண்மைச் சான்றிதழை வேறொருவர் கொண்டுபோனால், அதனை நம் பக்கம் கண்டுபிடிக்காது. வந்தவரின் அடையாள அட்டையோடு பெயரை ஒப்பிடுவது வேலை தருபவரின் கடமை. நான்காவது வழியே கடினமானது. நம் பக்கத்தைப் போலவே ஒரு பக்கத்தைச் செய்து, ஓரெழுத்து மட்டும் மாறுபட்ட முகவரியில் வைத்து, அதனையே குறியீடாக அச்சிடலாம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இதற்கு ஒரே காப்பு, மேலாளர் குறியீட்டை நம்பாமல், நம் முகவரியை வேறு வழியில் அறிந்து தாமே தட்டச்சு செய்து குறியை இடுதல். ஆகவே நம் முகவரி குறுகியதாக, சொல்லக் கேட்டு எழுதத்தக்கதாக இருக்க வேண்டும்; கழகத்தின் கடிதத்தாளிலும் பெயர்ப்பலகையிலும் அது இடம்பெற வேண்டும்.

பக்கத்தில் எவற்றைக் காட்டலாகாது என்பது அதனினும் முக்கியம். பிறந்த நாள், வீட்டு முகவரி, தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவை அங்கே வரக்கூடாது. கொரோனாத் தடுப்பூசிச் சான்றிதழிலும் க்யூஆர் குறியீடு இருந்தது. மகிழ்ச்சியில் பலர் அதனைப் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் வெளியிட்டபோது, தனிவிவரங்கள் உள்ளமையால் அவ்வாறு செய்யவேண்டாமென்று 2021 மே மாதத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் சார்பில் அறிவுறுத்த நேர்ந்தது.

நமக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அது சாதி. நம் படிவங்களில் சாதிக் கட்டம் இருக்கிறது. உதவித்தொகைக்கு அது தேவை. ஆனால் அக்கட்டம் சான்றிதழுக்கோ பக்கத்திற்கோ வரக் காரணமே இல்லை. அது வேறு வேடத்திலும் நுழையும். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ போன்ற அமைப்புகளின் நிதியால் நடக்கும் பயிற்சியில் திட்டத்தின் பெயரைச் சான்றிதழில் அச்சிட்டால், சாதி என்ற சொல் இல்லாமலே சாதி அச்சாகிவிடுகிறது. திட்டத்தார் அவ்வாறு அச்சிட விதித்திருந்தால் தாளில் அச்சிடுவோம். பக்கத்தில் தொழிலின் பெயர் மட்டும் போதும். நம் கழகத்தின் பெயரே நாம் யார் என்பதைச் சொல்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கழகத்தின் பெயரை நாம் மறைக்கப்போவதில்லை. அது நாம் தேர்ந்து சூடிய பெயர். ஆனால் கழகம் தன் பெயரைச் சொல்லுவது வேறு. ஒரு பெண்ணின் சாதியை அவளைக் கேளாமல் உலகோர் தேடிப் பார்க்கும்படி எழுதிவைப்பது வேறு. நம் பக்கம் குறிக்கு மட்டுமே விடை தரவேண்டும். பெயரைக் கொண்டு தேடவோ, ஊர்வாரியாகப் பட்டியலிடவோ வழி இருக்கலாகாது.

இதில் தொழில்நுட்பத் தவறொன்று அடிக்கடி நேர்கிறது. பக்கத்தை எளிதாக அமைக்க விரும்பி, பதிவேடு முழுவதையும் பார்ப்பவரின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே தேடி ஒரு வரியைக் காட்டும்படி சிலர் எழுதிவிடுகின்றனர். திரையில் ஒரு வரிதான் தெரியும். முழுப்பட்டியலும் அவர் கைக்குப் போயிருக்கும். தேடுதல் நம் சர்வரில் நிகழ்ந்து, ஒரு வரி மட்டுமே வெளியே செல்ல வேண்டும். பக்கத்தை அமைத்துத் தருபவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே. மாணவரின் எழுத்து மூலமான இசைவைச் சேர்க்கையின்போதே, அவர் படித்துணரும் தமிழில் பெறவேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவை வலியுறுத்துகிறது.

தாளோடு பி.டி.எஃப். கோப்பாகவும் சான்றிதழைத் தருவது நன்று. அதில் செயலாளர் டிஜிட்டல் கையொப்பம் இடலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதற்கான சாவியைச் சிறு யு.எஸ்.பி. கருவியில் வைத்து விற்கின்றன. கையொப்பமிட்ட கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் முறிந்ததென்று கணினி காட்டும். ஆனால் அக்கோப்பைத் தாளில் அச்சிட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். கோப்புக்குக் கையொப்பம், தாளுக்குப் பக்கம் என்று நினைவிற் கொள்ளலாம். கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் அலுவலக மேசையில் சேர்த்து வைப்பது, முத்திரையைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

பெயர்ப்பிழைக்காகச் சான்றிதழை மாற்றித் தரும்போது பழைய வரியை அழிக்கக் கூடாது. புதிய குறி கொடுத்து, பழைய குறியில் ‘இதற்கு மாற்றாக வேறு சான்றிதழ் வழங்கப்பட்டுள்ளது’ என்று காட்டவேண்டும். அழித்துவிட்டால், பழைய தாளைக் கையில் வைத்திருக்கும் மாணவி போலிக்காரியாகத் தோன்றுவார்.

எல்லாவற்றையும் கெடுக்கவல்ல ஒரு கேடு, பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதது. இணைய முகவரி நமக்குச் சொந்தமானதன்று. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறும் குத்தகை. கட்டணம் தவறினால் அதனை வேறொருவர் வாங்கலாம். வாங்கியவர் விரும்பும் போலிக்கெல்லாம் ‘செல்லும்’ என்று நம் முகவரியிலிருந்தே விடை தரலாம். நம் உண்மைச் சான்றிதழ்கள் யாவும் பொய்யாகலாம். பெரும்பாலும் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் முகவரியைப் பதிவுசெய்கிறார். அவர் வெளியூர் சென்றபின் நினைவூட்டல் கடிதம் யாருக்கும் வருவதில்லை. ஆகவே முகவரி கழகத்தின் பெயரில் இருக்கவேண்டும். ஒரே முறையில் பத்தாண்டுக்குச் செலுத்திவிடலாம், அதுவே உச்ச வரம்பு. முடிவு நாளைச் செயற்குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதவேண்டும். பதிவேட்டின் அச்சுப் பிரதி ஒன்றை ஆண்டுதோறும் எடுத்துப் பொறுப்பாளர் ஒப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். இணையம் எந்நிலையுற்றாலும், எழுதிக் கேட்பவருக்கு விடை சொல்ல அது இருக்கும்.

இறுதியாக ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். இப்பக்கம் உரைப்பது, இச்சான்றிதழை வழங்கியவர் நாம்தான், இவ்விவரங்கள் நம் பதிவேட்டில் உள்ளவைதாம் என்பதே. நம் பயிற்சிக்கு அரசின் ஏற்பு உண்டு என்று அது சொல்லாது. அரசுத் தேர்வு நடத்தி வழங்கும் சான்றிதழுக்கு ஈடாகவும் அது ஆகாது. பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் இதனைச் சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுவது நம் கடன்.

செயற்குழுவிற்கு எங்கள் வேண்டுகோள், பணியை இந்த வரிசையில் தொடங்குக என்பதே: முதலில், சென்ற ஓராண்டின் பதிவேட்டை இருவர் அமர்ந்து பள்ளிச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பெயர்களைச் சரிசெய்தல்; பின்னர், கழகத்தின் பெயரில் முகவரியைப் பெறுதல்; அதன்பின்னரே பக்கமும் குறியீடும். முதல் பத்துச் சான்றிதழ்களை வழங்குவதற்குமுன், மஞ்சக்குட்டையிலோ நாகலூரிலோ இருப்பவரின் பழைய கைபேசி ஒன்றால் அவற்றைப் படித்துப் பார்த்துவிடுவோம். அதில் தெளிவாகத் திறந்தால் திருப்பூரிலும் திறக்கும்.